கல்லா சொல்லாததைக் கணக்கு சொல்லும்: ஒரு சுங்குடிக் கடையின் முதல் மாதம்

(பி.காம். முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக வகுப்பில் பேசியதை, வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வசதியாக எழுதித் தருகிறேன்.)

'கணக்கியல் வணிகத்தின் மொழி' என்ற வரி உங்கள் பாடத்தின் தொடக்கத்திலேயே வரும். இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். ஏன் மொழி என்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பீர்கள். ஒரே ஒரு கடை, ஒரே ஒரு மாதம், அதை வைத்துப் பார்த்துவிடலாம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஆயிரத்தில் முடியும் எண்கள்தான், கால்குலேட்டர் தேவைப்படாது.

கடை மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுங்குடிச் சேலைக் கடை, நடத்துபவர் ஓர் அக்கா. மார்ச் 1ஆம் தேதி திறக்கிறார். நான் வேண்டுமென்றேதான் மார்ச்சைத் தேர்ந்தெடுத்தேன். சித்திரைத் திருவிழா ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ வரும், அதற்கான சரக்கு மார்ச்சிலேயே கடைக்கு வந்து இறங்கிவிட வேண்டும். ஆனால் நிதியாண்டு மார்ச் 31ஆம் தேதியோடு முடிகிறது. சரக்கு வாங்குவது ஒரு கணக்காண்டில், அதில் பாதிக்கு மேல் விற்பது அடுத்த கணக்காண்டில். இப்படி இழுபறி இருக்கும் இடத்தில்தான் கணக்கு என்ன வேலை செய்கிறது என்பது தெரியும்.

அந்த மாதம் நடந்தது இவ்வளவுதான். கல்லாவில் இருப்பதையும் வங்கியில் இருப்பதையும் சேர்த்து 'ரொக்கம்' என்றே வைத்துக்கொள்கிறேன். ஜி.எஸ்.டி.யை இன்றைக்குத் தள்ளி வைக்கிறேன், அதற்குத் தனி வகுப்பே வேண்டும்.

- மார்ச் 1: அக்கா தன் சேமிப்பிலிருந்து 3,00,000 ரூபாய் கடையில் போடுகிறார்.
- மார்ச் 1: கட்டட உரிமையாளருக்கு அட்வான்ஸ் 60,000, மார்ச் மாத வாடகை 12,000.
- மார்ச் 3: அலமாரி, மேசை, விளக்கு எல்லாம் சேர்த்து 48,000.
- மார்ச் 5: மொத்த வியாபாரியிடம் 400 சேலைகள், ஒன்று 500 ரூபாய் வீதம் 2,00,000. அதில் 1,20,000 உடனே கொடுத்தாயிற்று. மீதி 80,000 ஏப்ரலில் தருவதாகப் பேச்சு.
- மாதம் முழுக்க: 100 சேலைகள் 700 ரூபாய் வீதம் ரொக்கத்துக்கு விற்றதில் 70,000.
- மார்ச் 22: திண்டுக்கல் கடைக்காரர் ஒருவருக்கு 50 சேலைகள், அதே விலைக்குக் கடனாக, 35,000.
- மார்ச் 25: அக்கா தன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கடையிலிருந்து 15,000 எடுக்கிறார்.
- உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு மார்ச் மாதச் சம்பளம் 10,000. அதை ஏப்ரல் 5ஆம் தேதிதான் கொடுப்பார்.

மார்ச் 31 இரவு கல்லாவையும் பாஸ்புக்கையும் கூட்டினால் 1,15,000 இருக்கிறது. அக்காவின் அண்ணன் கடைக்கு வருகிறார். அவர் கேட்பதை நம் ஊர் வீடுகளில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

"என்னத்தா, மூணு லட்சத்தைப் போட்ட. ஒண்ணே சொச்சந்தான் இருக்கு. ஒரு மாசத்துல ரெண்டு லட்சத்துக்குக் கிட்ட போயிருச்சே?"

"போகலண்ணே. சரக்கா நிக்குது."

"எவ்வளவு நிக்குது? சம்பாதிச்சியா, விட்டியா, அதச் சொல்லு."

அக்காவுக்கு மனசுக்குத் தெரியும், ஆனால் சொல்லத் தெரியவில்லை. அண்ணன் கேட்டதில் உண்மையில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சம்பாதித்தாளா? கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்கக் கையில் இருக்கிறதா? போட்ட முதல் இப்போது எந்த உருவத்தில் இருக்கிறது? கல்லாவை எண்ணினால் இரண்டாவது கேள்விக்கு அரைகுறையாகப் பதில் கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அதனால் வாய் திறக்க முடியாது.

முதல் வேலை: நடந்த ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொல்வது

மேலே எழுதிய ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். எங்கிருந்து வந்தது? என்னவாக ஆனது? வந்த இடம் வரவுப் பக்கம், ஆன பொருள் பற்றுப் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே தொகை.

அக்கா முதல் போட்டதை எடுத்துக்கொள்வோம். வந்த இடம் அக்கா, ஆகவே முதல் கணக்கில் 3,00,000 வரவு. ஆனது ரொக்கம், ஆகவே ரொக்கக் கணக்கில் 3,00,000 பற்று.

இங்கேயே ஒரு கை தூக்கப்படும் என்று எனக்குத் தெரியும். "சார், பணம் வந்தால் வரவுதானே, ஏன் பற்று என்கிறீர்கள்?" நியாயமான கேள்வி, ஏனென்றால் வீட்டில் பணம் வருவதைத்தான் வரவு என்கிறோம். பாஸ்புக்கில் நீங்கள் பணம் கட்டினால் அதுவும் வரவு என்றுதான் விழும். ஆனால் பாஸ்புக் உங்கள் கணக்கு இல்லை, வங்கி தன் புத்தகத்தில் உங்கள் பெயரில் வைத்திருக்கும் கணக்கின் நகல். வங்கியின் பார்வையில் பணம் உங்களிடமிருந்து வந்தது, உங்களுக்கு அது கடன்பட்டிருக்கிறது, அதனால் உங்கள் பெயரில் வரவு. உங்கள் சொந்தப் புத்தகத்தில் அதே பணம் பற்றாக இருக்கும். யாருடைய புத்தகம் என்பதை முதலில் கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் ஒரு வாரத்தில் ஓடிவிடும். பணம் வந்ததா போனதா என்பதை வைத்து மட்டும் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள்.

சரக்கு வாங்கியது கொஞ்சம் சுவாரசியமானது. 2,00,000 மதிப்புள்ள சேலை கடைக்கு வந்தது, அது கொள்முதல் கணக்கில் பற்று. எங்கிருந்து வந்தது? 1,20,000 நம் ரொக்கத்திலிருந்து, 80,000 மொத்த வியாபாரியின் நம்பிக்கையிலிருந்து. ஆகவே ரொக்கம் 1,20,000 வரவு, மொத்த வியாபாரி கணக்கில் 80,000 வரவு. இந்த 80,000 கல்லாவைத் தொடவே இல்லை. இருந்தாலும் புத்தகத்தில் ஏறிவிட்டது. திண்டுக்கல் விற்பனையும் அப்படித்தான். அவர் இன்னும் ஒரு ரூபாய் தரவில்லை, ஆனால் சேலை கடையை விட்டுப் போய்விட்டது. விற்பனைக் கணக்கில் 35,000 வரவு, திண்டுக்கல்காரர் கணக்கில் 35,000 பற்று.

இப்படி இரண்டு பக்கமும் எழுதும் பழக்கம் இத்தாலிய வணிகர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. 1340ஆம் ஆண்டின் ஜெனோவா நகரக் கணக்குப் புத்தகங்களிலேயே இதைப் பார்க்கலாம். 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பச்சியோலி என்ற கணித ஆசிரியர், அவர் ஒரு துறவியும்கூட, இந்த முறையை விளக்கி அச்சில் கொண்டுவந்தார். அவரே கண்டுபிடித்தார் என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள். வணிகர்கள் செய்துகொண்டிருந்ததை அவர் எழுதி வைத்தார்.

மீதி வரிகளை நீங்களே குறிப்பேட்டில் எழுதுங்கள். வாடகை, அட்வான்ஸ், அலமாரி மூன்றுக்கும் பணம் ரொக்கத்திலிருந்துதான் போயிற்று, ஆனால் மூன்றும் மூன்று வேறு பெயரில் பற்றாக வேண்டும். பள்ளிக் கட்டணம் 'எடுப்புகள்' என்ற கணக்கில் போகும். சம்பளத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அதற்குத் திரும்பி வருவோம்.

அப்புறம் பேரேடும் இருப்பாய்வும்

குறிப்பேடு தேதி வாரியாக ஓடுகிறது. பேரேட்டில் அதே பதிவுகளைப் பெயர் வாரியாகப் பிரித்துப் போடுகிறோம். ரொக்கத்துக்கு ஒரு பக்கம், திண்டுக்கல்காரருக்கு ஒரு பக்கம் என்று. ஒவ்வொரு பக்கத்தின் மீதியையும் எடுத்து வரிசையாக எழுதினால் இருப்பாய்வு:

| கணக்கு | பற்று | வரவு |
|---|---|---|
| ரொக்கம் | 1,15,000 | |
| கட்டட அட்வான்ஸ் | 60,000 | |
| வாடகை | 12,000 | |
| அலமாரி, மேசை | 48,000 | |
| கொள்முதல் | 2,00,000 | |
| திண்டுக்கல்காரர் | 35,000 | |
| எடுப்புகள் | 15,000 | |
| முதல் | | 3,00,000 |
| மொத்த வியாபாரி | | 80,000 |
| விற்பனை | | 1,05,000 |
| மொத்தம் | 4,85,000 | 4,85,000 |

கையால் எழுதும்போது இரண்டு மொத்தமும் ஒத்துப்போகாமல் உங்களைப் பாடாய்ப் படுத்தும். வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் போனால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 35,000ஐ 53,000 என்று எழுதினால் வித்தியாசம் 18,000, அது 9ஆல் வகுபடும். வகுபடவில்லையா, வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகை எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் அந்தத் தொகை இரு மடங்காகத்தான் வித்தியாசம் காட்டும்.

மார்ச் 31 இரவு செய்ய வேண்டிய மூன்று காரியங்கள்

இருப்பாய்வு ஒத்துப்போனதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் மொழியின் இலக்கணம் இங்கேதான் இறுக்கமாக இருக்கிறது. இந்த மாதத்துக்கு உரியது இந்த மாதத்தில் இருக்க வேண்டும், அடுத்த மாதத்துக்கு உரியது வெளியே போக வேண்டும். பணம் எப்போது கை மாறியது என்பது இங்கே கணக்கில் வராது.

முதலில் சரக்கிருப்பு. 400 வந்தது, 150 போனது, 250 இருக்க வேண்டும். 'இருக்க வேண்டும்' என்று நோட்டில் பார்த்து எழுதாதீர்கள், அலமாரியைத் திறந்து எண்ணுங்கள். 247தான் இருந்தால் மூன்று சேலை எங்கே போயிற்று என்று அன்றைக்கே கேட்கலாம். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. சரி, 250 இருக்கிறது. ஒன்று 500 வீதம் 1,25,000.

போன வருடம் மேலூரிலிருந்து வந்த ஒரு மாணவன் இந்த இடத்தில் மடக்கினான். "சார், அந்த 250 சேலையும் 700க்குத்தானே விற்கப் போகுது? 700 வீதமே போட்டுக் காட்டுனா என்ன?" போட்டுக் காட்டினால் விற்காத சேலையில் 50,000 லாபம் வந்துவிட்டதாக ஆகும். திருவிழாவில் மழை கொட்டினால்? பக்கத்துக் கடை 600க்குக் கொடுத்தால்? அதனால்தான் விதி இப்படி இருக்கிறது: வாங்கிய விலை, விற்றால் செலவு போகக் கிடைக்கும் விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போடு. இந்தியாவின் கணக்கியல் தரநிலை 2 சொல்வது இதைத்தான். இந்த விதி நமக்கு எதிராகவும் வேலை செய்யும். பத்துச் சேலைகளில் சாயம் இறங்கி, 300க்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தையும் 300 வீதம்தான் போட வேண்டும். சரக்கிருப்பு 2,000 குறையும், லாபமும் அதே 2,000 குறையும். நம் கணக்கில் சேலைகள் நன்றாகவே இருப்பதாக வைத்துக்கொண்டு 1,25,000ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது சம்பளம். ஏப்ரல் 5 வரைக்கும் பணம் போகாது, ஆனால் அந்தப் பெண் வேலை பார்த்தது மார்ச்சில். ஆகவே 10,000 மார்ச்சின் செலவு, கூடவே 'கொடுபட வேண்டிய சம்பளம்' என்று ஒரு பொறுப்பு. மின் கட்டணத்திலும் இதே சிக்கல் வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள், பில் வரும்வரை மின்சாரம் இலவசம் என்று ஆகிவிடாது. சுருக்கம் கருதி அதை விட்டிருக்கிறேன், வீட்டுப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தேய்மானம். 48,000 ரூபாய் அலமாரி நான்கு வருடம் உழைக்கும், கடைசியில் விற்றால் எதுவும் தேறாது என்று வைத்தால் மாதத்துக்கு 1,000. நான்கு வருடம் என்பது நம் மதிப்பீடு. ஐந்து வருடம் என்று இன்னொருவர் சொன்னால் மாதத்துக்கு 800 வரும், லாபமும் மாறும். கணக்கில் எல்லா எண்ணும் எண்ணிப் பார்த்த எண் இல்லை, சில எண்கள் நியாயமான ஊகம். எது எந்த வகை என்று கேட்கும் பழக்கத்தை முதலாண்டிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இலாப நட்டக் கணக்கு. விற்பனை 1,05,000. விற்றுப்போன 150 சேலையின் வாங்கிய விலை 75,000. மொத்த இலாபம் 30,000. அதில் வாடகை 12,000, சம்பளம் 10,000, தேய்மானம் 1,000 போக நிகர இலாபம் 7,000.

அண்ணன் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. கல்லா 1,85,000 இறங்கியிருக்கிறது, கடை 7,000 சம்பாதித்திருக்கிறது. இரண்டும் உண்மை.

இருப்புநிலைக் குறிப்பையும் எழுதிவிடுவோம். கடையிடம் இருப்பவை: ரொக்கம் 1,15,000, திண்டுக்கல்காரர் தர வேண்டியது 35,000, சரக்கு 1,25,000, அலமாரி தேய்மானம் போக 47,000, அட்வான்ஸ் 60,000. கூட்டினால் 3,82,000. இவ்வளவும் யாருடைய பணம்? மொத்த வியாபாரியுடையது 80,000, உதவிக்கு இருக்கும் பெண்ணுடையது 10,000, மீதி 2,92,000 அக்காவுடையது. அக்காவின் தொகை எப்படி வந்தது என்றால், போட்ட முதல் 3,00,000, சேர்ந்த இலாபம் 7,000, எடுத்தது 15,000. மூன்றாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

ஒரே தாளை மூன்று பேர் வாசிக்கிறார்கள்

மொழி என்று ஏன் சொல்கிறோம் என்பது வாசிப்பவர்களைப் பார்த்தால்தான் புரியும். எழுதியவர் பக்கத்தில் இல்லாமலேயே வாசிக்க முடிய வேண்டும்.

அண்ணன் இதைப் பார்த்ததும் ஆறிப்போவார். காணாமல் போன பணத்தை அவரால் இப்போது வரி வரியாகத் தொட்டுப் பார்க்க முடிகிறது. அதோடு அவர் வேலை முடிந்தது.

மொத்த வியாபாரிக்கு அக்கா சம்பாதித்தாளா என்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. அவருடைய 80,000 ஏப்ரலில் வருமா என்பதுதான் அவர் கவலை. அவர் நேராக ரொக்கத்துக்கும் பொறுப்புகளுக்கும் போவார். கையில் 1,15,000. கொடுக்க வேண்டியது அவருக்கு 80,000, சம்பளம் 10,000. ஏப்ரல் வாடகை 12,000 தாளில் இல்லை, ஆனால் வரும் என்று அவருக்குத் தெரியும். எல்லாம் போக 13,000 மிஞ்சும். பணம் வந்துவிடும், சரி. ஆனால் திருவிழாவுக்கு நடுவில் அக்கா இன்னொரு லோடு கேட்டால் ரொக்கத்துக்கு வழியில்லை, மறுபடி கடன்தான் கேட்பாள் என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். அப்போது திண்டுக்கல் பணம் எப்போது வரும் என்று விசாரிப்பார்.

நடப்பு விகிதம் என்று ஒன்று படிக்கப் போகிறீர்கள். ரொக்கம், திண்டுக்கல் பாக்கி, சரக்கு மூன்றும் சேர்ந்த நடப்புச் சொத்து 2,75,000, மொத்த வியாபாரிக்கும் சம்பளத்துக்கும் கொடுக்க வேண்டிய நடப்புப் பொறுப்பு 90,000, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் மூன்று மடங்குக்கு மேல் வருகிறது. பாடத்தில் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது என்று இருக்கும், ஆகவே பிரமாதம் என்று எழுதிவிடுவீர்கள். அந்த 2,75,000இல் 1,25,000 அலமாரியில் மடித்து வைத்த சேலை. சேலையைக் கொடுத்துச் சம்பளம் போட முடியாது. விகிதத்தைச் சொல்வதோடு நிறுத்தாமல் அது எதனால் ஆனது என்று பிரித்துப் பாருங்கள்.

வங்கி மேலாளர் மூன்றாமவர். அக்கா கடன் கேட்டுப் போகிறார். மேலாளரின் கண் நான் இதுவரை பெரிதாகப் பேசாத ஒரு வரியில் நிற்கும்: எடுப்புகள் 15,000. கடை ஒரு மாதத்தில் சம்பாதித்தது 7,000, வீட்டுக்குப் போனது 15,000. முதல் மாதம், பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு ஒருமுறை என்று விட்டுவிடலாம். இதே வேகத்தில் மாதாமாதம் போனால் அக்கா இலாபத்தைச் சாப்பிட்டுவிட்டு முதலையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார் என்று பொருள். கல்லாவில் லட்ச ரூபாய் இருக்கும்போது இது யாருக்கும் உறைக்காது. நம் பக்கத்துச் சிறு கடைகள் பல இப்படித்தான் கரைந்திருக்கின்றன என்பது என் எண்ணம். வியாபாரம் நடக்கிறது, கூட்டம் வருகிறது, ஆனால் கடைக்காரர் ஒருநாள் சரக்கு போடக் காசில்லாமல் நிற்கிறார்.

இந்த மேலாளர் மதுரைக்காரராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சுங்குடியில் முடிச்சு எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாத ஓர் அதிகாரி வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தாலும் இந்தத் தாளை வாசிப்பார். சரக்கை எந்த விலைக்குப் போட்டிருப்பார்கள், கடன் விற்பனை எங்கே இருக்கும் என்பதெல்லாம் அவருக்கும் அக்காவின் கணக்கருக்கும் பொதுவான விதிகள்.

தாள் ஒத்துப்போகும், செய்தி தப்பாக இருக்கும்

இனி நீங்கள் டேலியில்தான் பதிவு போடப் போகிறீர்கள். F8 விற்பனை, F9 கொள்முதல், F7 குறிப்பேடு என்று விரல் பழகிவிடும். இரண்டு பக்கமும் சமமாக இல்லாவிட்டால் பதிவையே அது ஏற்காது. அதனால் இருப்பாய்வு ஒத்துப்போவதைப் பார்த்து நிம்மதி அடைவதில் இப்போது அர்த்தமில்லை. மிஞ்சும் தப்புகள் வேறு ஜாதி.

அலமாரிக் கணக்கைத் திறக்கும்போது `Fixed Assets` குழுவில் வைக்காமல் அவசரத்தில் `Indirect Expenses` குழுவில் வைத்துவிட்டீர்கள். மென்பொருள் ஒன்றும் சொல்லாது. 48,000 முழுவதும் மார்ச் செலவாகிவிடும், 7,000 இலாபம் 40,000 நட்டமாக மாறும். இருப்புநிலைக் குறிப்பு அப்போதும் அழகாக ஒத்துப்போகும். கண்டுபிடிக்க வழி என்ன? குறிப்பில் அலமாரி என்ற வரியே இருக்காது. கடைக்குள் கண்ணால் பார்க்கும் பொருள் தாளில் இல்லையென்றால் அங்கே தோண்டுங்கள்.

பள்ளிக் கட்டணத்தைக் கடைச் செலவாகப் போட்டால் இன்னும் கள்ளத்தனமான தப்பு நடக்கும். இலாபம் 7,000 போய் நட்டம் 8,000 ஆகும். ஆனால் எடுப்பு இல்லாததால் அக்காவின் கடைசித் தொகை அதே 2,92,000 வரும். இருப்புநிலைக் குறிப்பின் மொத்தத்தில் ஒரு ரூபாய் மாறாது. அதாவது, மொத்தத்தை மட்டும் பார்த்து இந்தத் தப்பைப் பிடிக்கவே முடியாது. செலவுப் பேரேட்டைத் திறந்து வரி வரியாக 'இது கடைக்கா, வீட்டுக்கா' என்று கேட்டால்தான் பிடிபடும்.

இறுதிச் சரக்கிருப்பைப் போட மறப்பது முதலாண்டில் எல்லோரும் செய்வது. அப்போது 1,18,000 நட்டம் வரும். கடை மாதம் முழுக்க 500 ரூபாய்ச் சேலையை 700க்கு விற்றிருக்கிறது, செலவோ 23,000தான். எங்கிருந்து லட்சத்துக்கு மேல் நட்டம் வரும்? பதில் இப்படி நம்ப முடியாததாக இருந்தால் முதலில் சரக்கைப் பாருங்கள்.

சரியாக எழுதிய தாளும் சொல்லாத விஷயங்கள் உண்டு. உதவிக்கு இருக்கும் பெண் வாடிக்கையாளர்களைப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அவள் போய்விட்டால் கூட்டமும் போய்விடலாம். அது எந்த வரியிலும் இல்லை. ரூபாயில் அளக்க முடிந்தது மட்டும்தான் உள்ளே வரும். திண்டுக்கல்காரர் தர வேண்டிய 35,000 தாளில் ரொக்கம் போலவே திடமாக நிற்கிறது. அவர் இதற்கு முன் யாருக்காவது இழுத்தடித்தாரா என்பதைத் தாளில் பார்க்க முடியாது, பஜாரில்தான் கேட்க வேண்டும். வராது என்று தெரிந்துவிட்டால் அப்போது வாராக்கடன் என்று எழுதி இலாபத்திலிருந்து கழிப்போம்.

வீட்டில் போட்டுப் பார்க்க

நாளை வரும்போது ஏப்ரல் மாதத்தின் இந்த மூன்று வரிகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஏப்ரல் 5: உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு 10,000 கொடுக்கிறார். ஏப்ரல் 10: திண்டுக்கல்காரர் 35,000 முழுவதையும் அனுப்புகிறார். ஏப்ரல் 12: மின் கட்டணம் 2,400, மார்ச், ஏப்ரல் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஆகும் என்று வைத்து முன்கூட்டியே கட்டிவிடுகிறார்.

ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஏப்ரல் மாத இலாபம் இதனால் எவ்வளவு மாறுகிறது என்று ஓர் எண் எழுதுங்கள். முதல் இரண்டு வரிக்கும் பூஜ்யம் என்று எழுதியிருந்தால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள். மூன்றாவது வரிக்கு 2,400 என்று எழுதியிருந்தால் மார்ச் 31 இரவுக்குத் திரும்பிப் போய், அந்த 7,000ஐ அழித்துவிட்டு 5,800 என்று எழுதுங்கள். ஏன் 5,800 என்பதை நான் கேட்பேன்.